டைக்ஸ்ட்ரா டேபிள்: எனக்கு 14, நண்பர்களுக்கு 12. எங்கே இடிக்கிறது?

மூணாவது_செம்

அல்காரிதம்ஸ் அசைன்மென்ட். கையால்தான் போட வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் தூர டேபிள் எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டும். S-இலிருந்து T-க்குக் குறைந்த தூரம் கேட்டிருக்கிறார்கள். கிராஃப் இதுதான், எட்ஜ்களுக்குத் திசை கிடையாது:

```
S-A 7    S-B 2    A-B 3
B-D 8    A-C 4    A-D 5
C-D 3    C-T 5    D-T 2
```

நான் போட்டது:

```
எடுத்தது   S   A     B     C     D      T
ஆரம்பம்    0   ∞     ∞     ∞     ∞      ∞
S (0)      ✓   7/S   2/S   ∞     ∞      ∞
B (2)          5/B   ✓     ∞     10/B   ∞
A (5)          ✓           9/A   10/A   ∞
C (9)                      ✓     10/A   14/C
```

சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது முந்தைய நோட். T-க்கு 14 வந்துவிட்டதால் அங்கேயே நிறுத்திவிட்டேன். பாதை S-B-A-C-T, 2+3+4+5 = 14, கூட்டிப் பார்த்தாலும் சரியாக வருகிறது. ஆனால் வகுப்பில் இரண்டு பேருக்கு 12. அதிலும் ஒருத்தன் S-B-D-T என்கிறான், இன்னொருத்தி S-B-A-D-T என்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதில் சின்னதைத்தானே எடுத்தேன், அப்புறம் எப்படி 14 வந்தது?

நெல்லிக்காய்

நானும் போட்டுப் பார்த்தேன், 14தான் வருகிறது. S-B 2, B-A 3, A-C 4, C-D 3, D-T 2. ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கிற நோட்களிலிருந்து வெளியே போகும் எட்ஜ்களில் சின்னதை எடுத்தேன். மொத்தம் 14. உங்கள் விடை சரிதான், நண்பர்களை மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூணாவது_செம்

அப்பாடா. ஆனால் உங்கள் பாதை S-B-A-C-D-T. என்னுடையதில் D இல்லையே?

பழைய_லேப்காரர்

தம்பி, அப்பாடா சொல்ல வேண்டாம். விடை 12. நெல்லிக்காய் போட்டது வேறு கணக்கு.

அவர் எட்ஜின் எடையை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறார். அது ப்ரிம் முறை, எல்லா நோட்களையும் மிகக் குறைந்த மொத்த எடையில் இணைக்கும் மரம் அதில் கிடைக்கும். இந்த கிராஃபுக்கு அந்த மரத்தின் மொத்தம் 14 என்பது சரிதான். நீங்கள் பாதியில் நிறுத்தியதால் வந்த 14-உம் அதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல். C-T எடையை 5-க்குப் பதில் 6 என்று மாற்றினால் உங்கள் விடை 15 ஆகிவிடும், அவருடையது 14-லேயே நிற்கும்.

டைக்ஸ்ட்ராவில் பார்க்க வேண்டியது S-இலிருந்து அந்த நோட் வரைக்குமான மொத்தத்தை. A-ஐ டிக் அடித்த பிறகு C-ஐ எடுப்பதற்குக் காரணம் A-C எட்ஜ் 4 என்பதல்ல, 5+4 = 9 என்பது D-யின் 10-ஐ விடச் சின்னது என்பது. ப்ரிமும் இந்த இடத்தில் C-ஐத்தான் எடுக்கும், அதனால்தான் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. அடுத்த அடியில் பிரிகிறது: ப்ரிம் C-D எட்ஜை (3) மரத்தில் சேர்க்கும், டைக்ஸ்ட்ராவில் 9+3 = 12 என்பது D-யிடம் ஏற்கெனவே இருக்கிற 10-ஐ விடப் பெரிது என்பதால் அந்த எட்ஜுக்கு வேலையே இல்லை. இந்த இரண்டு கணக்குகளையும் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட ஒரே மூன்று பக்கக் குறிப்பில்தான் எழுதினார். அன்றிலிருந்து மாணவர்கள் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் டேபிள். C வரைக்கும் எண்கள் எல்லாம் சரி. தப்பு எண்ணில் இல்லை, நிறுத்திய இடத்தில். டேபிளில் ஒரு எண் எழுதினால் அதற்கு அர்த்தம் "இந்த நோட்டுக்கு இதை விட அதிகம் ஆகாது, குறையலாம்" என்பது மட்டும்தான். டிக் அடித்த பிறகுதான் "இதுதான், இனி மாறாது" என்று ஆகிறது. உங்கள் கடைசி வரிசையில் டிக் இல்லாமல் இரண்டு பேர் நிற்கிறார்கள், D-யிடம் 10, T-யிடம் 14. சின்னது D. அதை எடுத்துப் பாருங்கள்:

```
எடுத்தது   S   A     B     C     D      T
C (9)                      ✓     10/B   14/C
D (10)                           ✓      12/D
T (12)                                  ✓
```

D-இலிருந்து T-க்கு 10+2 = 12. 14-ஐ அடித்துவிட்டு 12, முந்தைய நோட் C-க்குப் பதில் D. இப்போது T-ஐ எடுத்து டிக் அடித்துவிட்டு நிறுத்தலாம். D-க்கு ஏன் 10/B என்று எழுதியிருக்கிறேன் என்று கேட்பீர்கள், அதை அடுத்துச் சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

நெல்லிக்காய்

ஓ, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. எங்கள் தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன, அதே கையோடு போட்டுவிட்டேன்.

மூணாவது_செம்

புரிகிறது அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். D-யிடம் 10 இருக்கும்போது டிக் அடித்துவிட்டோம். T-இலிருந்து திரும்பி D-க்கு இன்னும் குறைவாக வர வழி இருக்காது என்று எப்படித் தெரியும்? T-க்கு 14 குறைந்து 12 ஆனது போல D-யும் குறையலாமே?

பழைய_லேப்காரர்

நல்ல கேள்வி. அந்த நேரத்தில் டிக் இல்லாதது D-யைத் தவிர T மட்டும்தான். டிக் அடித்த S, B, A, C நான்கிலிருந்தும் D-க்கு நேராக வருகிற எட்ஜ்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது, அவற்றில் சின்னதுதான் 10. வேறு வழியாக D-க்கு வர வேண்டுமென்றால் T வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் T வரைக்கும் போகவே 14 செலவாகிவிடும், அதற்கு மேல் D-க்கு இன்னும் ஏதாவது சேரும். 10-க்குக் கீழே இறங்க வழியே இல்லை.

அதே வாதத்தை T-யின் 14-க்குப் போட்டுப் பாருங்கள். வேறு வழி D வழியாக. D வரைக்கும் 10. அதற்கு மேல் 4-க்குக் குறைவாக ஒரு எட்ஜ் இருந்தால் 14 உடைந்துவிடும். இருந்தது, உடைந்தது. அதனால்தான் சின்னதை மட்டும் டிக் அடிக்கிறோம், சேர வேண்டிய நோட்டுக்கு எண் வந்தவுடன் நிறுத்துவதில்லை.

இந்த வாதம் முழுக்க "அதற்கு மேல் ஏதாவது சேரும்" என்ற ஒரு வார்த்தையில் தொங்குகிறது. எடை மைனஸில் இருந்தால் சேராது, கழியும்.

ஆய்வக_அக்கா

இரண்டு பாதை விஷயத்துக்கு நான் வருகிறேன், இந்த மாதிரி அசைன்மென்ட் திருத்துகிற ஆள் என்பதால்.

A-ஐ எடுத்த சுற்றைப் பாருங்கள். D-யிடம் ஏற்கெனவே 10/B இருக்கிறது. A வழியாக 5+5 = 10. புது எண் பழையதை விடக் குறைவாக இருந்தால் மாற்று என்பதுதான் பெரும்பாலும் சொல்லித் தரும் விதி. சமமாக இருந்தால் தொடுவதில்லை. அந்த விதிப்படி D-யில் 10/B அப்படியே நிற்கும், கடைசியில் பாதை S-B-D-T. தம்பி சமத்துக்கும் மாற்றி 10/A என்று எழுதியிருக்கிறார், அவர் முடித்திருந்தால் S-B-A-D-T வந்திருக்கும். 2+8+2-உம் 12, 2+3+5+2-உம் 12. இரண்டு நண்பர்களுமே சரி.

ஆனால் டேபிளைத் திருத்தும்போது நான் பார்ப்பது கடைசி எண்ணை மட்டும் அல்ல. 10/B என்று இருந்தது 10/A ஆகியிருந்தால், இந்தப் பிள்ளை "குறைவு" என்பதையும் "சமம்" என்பதையும் தெரிந்து மாற்றினாரா, அல்லது எடுத்த நோட்டின் பெயரைப் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் எழுதிக்கொண்டே போகிறாரா என்று சந்தேகம் வரும். இரண்டாவது பழக்கம் மோசமானது. C-ஐ எடுக்கும் சுற்றில் அதே பழக்கத்தில் D-யை 10/C என்று எழுதிவிடுவார்கள், எண் மாறாமல் பெயர் மட்டும் மாறியிருக்கும். பின்னால் இருந்து பாதையைத் தேடிக்கொண்டு போனால் T-D-C-A-B-S, அதன் நீளம் 14, டேபிளோ 12 என்கிறது. எண்ணும் பாதையும் ஒத்துப்போகாத விடைத்தாள்கள் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

அதனால் கண்டுபிடித்த பாதையைக் கடைசியில் ஒரு தடவை எட்ஜ் எட்ஜாகக் கூட்டி, டேபிள் எண்ணோடு ஒப்பிட்டு, அந்தக் கூட்டலையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். தம்பியின் 14 இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதையும் கவனியுங்கள். முந்தைய நோட் தப்பாக இருந்தால்தான் இது பிடிக்கும், சீக்கிரம் நிறுத்தியதைப் பிடிக்காது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது: ஒன்பது எட்ஜ்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு முனைகளிலும் இருக்கிற எண்களின் வித்தியாசம் அந்த எட்ஜின் எடையை விட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். D-யில் 10, T-யில் 14, வித்தியாசம் 4, எட்ஜ் 2. அங்கே ஓட்டை. 12 போட்ட பிறகு எந்த எட்ஜிலும் அப்படி வராது.

டெலிவரி_கோடர்

இடையில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். இதே கிராஃபை பைத்தானில் heapq வைத்து ஓட்டினேன். T இரண்டு தடவை வெளியே வருகிறது, முதலில் 12-உடன், அப்புறம் 14-உடன். A-உம் அப்படியே, 5 ஒரு தடவை, 7 ஒரு தடவை. கையால் போடும்போது ஒரு தடவைதானே எடுக்கிறோம்? என் கோடு தப்பா?

பழைய_லேப்காரர்

தப்பு இல்லை. நீங்கள் தாளில் 14-ஐ அடித்துவிட்டு 12 எழுதுகிறீர்கள். heapq-வில் உள்ளே போட்ட ஒன்றைத் தேடி அடிப்பதற்கு நேரடி வழி இல்லை, அதனால் 12-ஐப் புதிதாகப் போடுகிறோம், 14 உள்ளேயே பழசாகக் கிடக்கிறது. வெளியே வரும்போது தள்ளிவிட்டால் போதும்:

```python
d, u = heapq.heappop(pq)
if d > dist[u]:
    continue
```

இந்த இரண்டு வரி இல்லாவிட்டாலும் விடை மாறாது, தேவையில்லாமல் பக்கத்து நோட்களை மறுபடி பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் எடுத்த வரிசையை அச்சிட்டு அதை அப்படியே அசைன்மென்ட் டேபிளாக எழுதினால் A-க்கு இரண்டு வரிசை வந்து நிற்கும். அதைச் செய்யாதீர்கள்.

மூணாவது_செம்

எல்லாருக்கும் நன்றி. (ஆ) பிரிவும் இருக்கிறது. அதே கிராஃப், ஆனால் இப்போது எட்ஜ்களுக்குத் திசை உண்டு, C-D-க்குப் பதில் D→C எடை −4. "டைக்ஸ்ட்ரா டேபிள் போடுக, விடை சரியா என்று ஆராய்க" என்று இருக்கிறது.

```
S→A 7    S→B 2    B→A 3
B→D 8    A→C 4    A→D 5
D→C -4   C→T 5    D→T 2
```

வேகத்தடை

இதற்கு ஈஸி வழி இருக்கிறது. எல்லா எட்ஜுக்கும் 4 கூட்டிவிடுங்கள். மைனஸ் எல்லாம் போய்விடும், D→C சைபர் ஆகிவிடும். அப்புறம் சாதாரணமாக டேபிள் போட்டு, கடைசியில் கூட்டியதைக் கழித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூட்டுவதால் எது சின்னது என்பது மாறாது.

பழைய_லேப்காரர்

எட்ஜ்களுக்குள் எது சின்னது என்பது மாறாது, அது வரைக்கும் சரி. பாதைகளுக்குள் மாறும். போட்டே பார்ப்போம்.

மைனஸோடு S-B-D-C-T என்ற பாதை 2+8−4+5 = 11. S-B-D-T 12. ஆக 11தான் குறைவு. இப்போது எல்லா எட்ஜுக்கும் 4 கூட்டுங்கள். முதல் பாதையில் நான்கு எட்ஜ், 16 கூடி 27. இரண்டாவதில் மூன்று எட்ஜ், 12 கூடி 24. டேபிள் 24-ஐ எடுத்துக்கொடுக்கும், நீங்கள் 12-ஐக் கழித்து "விடை 12" என்பீர்கள். அதிக எட்ஜ் இருக்கிற பாதைக்கு அதிக அபராதம் விழுகிறது, அதுதான் காரணம். எல்லாப் பாதையிலும் ஒரே எண்ணிக்கையில் எட்ஜ் இருந்தால் உங்கள் வழி வேலை செய்யும், அப்படிப்பட்ட கிராஃப் உண்டு, இது இல்லை.

வேகத்தடை

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூட்டாமலே சாதாரண டேபிள் போட்டாலும் 12தானே வரும்?

பழைய_லேப்காரர்

ஆமாம், அதுதான் கேள்வி கேட்டவர் வைத்த பொறி. S, B, A, C, D என்று முன்பு போலவே வரிசை போகும். C-ஐ 9-ல் டிக் அடித்துவிட்டோம், T-க்கு 14 எழுதிவிட்டோம். அப்புறம் D-ஐ 10-ல் எடுக்கிறோம். D→C வழியாக 10−4 = 6. ஆனால் C-க்கு டிக் அடித்தாகிவிட்டது! டிக் அடித்ததைத் தொடக் கூடாது என்ற விதிப்படி 9 அப்படியே நிற்கும், T 12/D ஆகி முடியும். உண்மையான தூரங்கள் C-க்கு 6, T-க்கு 11. "டைக்ஸ்ட்ரா 12 தருகிறது, C-ஐ 9-ல் உறுதி செய்த சுற்றில் தவறுகிறது, ஏனென்றால் D வழியாகப் போனால் குறையக்கூடும் என்பதை அப்போது அது கணக்கில் எடுக்கவில்லை" என்று எழுதினால் போதும்.

மைனஸ் இருந்தாலே தப்பாகிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். C→D எடை −3 என்று கொடுத்திருந்தால் C முதலில் வருவதால் D அங்கேயே 6 ஆகியிருக்கும், T 8 என்று சரியான விடையே வந்திருக்கும். எந்த நோட் முன்னால் டிக் ஆகிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று, (ஆ)-வில் திசை ஏன் கொடுத்தார்கள் தெரியுமா? திசை இல்லாத C-D எட்ஜில் −4 இருந்தால் அதே எட்ஜில் போய்த் திரும்பினாலே 8 குறையும், இன்னொரு தடவை போனால் இன்னும் 8. குறைந்த தூரம் என்பதே இல்லாமல் போய்விடும்.

வேகத்தடை

டிக்கை அழித்துவிட்டு C-ஐ 6-உடன் மறுபடி எடுத்தால்? அப்போது T 11 வந்துவிடுகிறதே.

பழைய_லேப்காரர்

இந்த கிராஃபில் வரும். சுற்றி வந்தால் குறைந்துகொண்டே போகும் வளையம் இல்லாத எந்த கிராஃபிலும் சரியான விடையில்தான் முடியும். ஆனால் ஒரு நோட்டுக்கு ஒரு வரிசை என்ற கணக்கு போய்விடும். நோட் கூடக்கூட வரிசைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிக்கொண்டே போகிற கிராஃப்கள் இருக்கின்றன. மைனஸுக்கு பெல்மன்-ஃபோர்டு போடுவது அதனால்தான், ஆறு நோட்டுக்கு ஐந்து சுற்றுக்கு மேல் தேவைப்படாது. இந்த (ஆ) கிராஃபில் வளையமே இல்லை. S, B, A, D, C, T என்ற வரிசையில் நோட்களை எடுத்து அவற்றின் எட்ஜ்களைப் பார்த்தால் ஒரே சுற்றில் 11 வந்துவிடும்.

மூணாவது_செம்

(ஆ) முடித்துவிட்டேன். கடைசியாக எழுதும் முறை பற்றி ஒன்று. எண் மாறாத கட்டத்தில் பழையதையே மறுபடி எழுத வேண்டுமா, காலியாக விடலாமா? டிக் அடித்த நோட்டுக்குக் கீழே?

ஆய்வக_அக்கா

டிக் அடித்த நோட்டுக்குக் கீழே காலியாக விடுங்கள். டிக் இல்லாத நோட்டுக்கு, மாறாவிட்டாலும் பழைய எண்ணை மறுபடி எழுதுங்கள். அப்போதுதான் ஒரு வரிசையை மட்டும் பார்த்து அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று தெரியும். காலியாக விட்டால் நீங்களே மேலே தேடிக்கொண்டு போய் D-யின் 10-ஐப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். சமம் வந்த இடத்தில் "A வழியாகவும் 10, மாற்றவில்லை" என்று ஓரத்தில் ஒரு வரி.

டெலிவரி_கோடர்

எங்கள் கல்லூரியில் நேர்மாறாகச் சொன்னார்கள் அக்கா, மாறியதை மட்டும் எழுதச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினால் எது அந்தச் சுற்றில் மாறியது என்று தெரியவில்லை என்றார்கள்.

ஆய்வக_அக்கா

மாறியதற்கு அடிக்கோடு போட்டால் தெரிந்துவிடும். ஆனால் திருத்துகிறவர் அவர், நான் இல்லை. தம்பி, உங்கள் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காய்

சமம் வந்தால் 10/A,B என்று இரண்டையுமே எழுதினால் என்ன? இரண்டு பாதையும் கிடைக்குமே.

ஆய்வக_அக்கா

எழுதலாம், நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். "ஒரு பாதை தருக" என்று கேட்டிருந்தால் பதிலில் ஒன்றை மட்டும் கொடுங்கள்.

பழைய_லேப்காரர்

நான் குறைப்பேன். டேபிளில் ஒரு கட்டத்துக்கு ஒரு முந்தைய நோட்தான். எல்லாப் பாதையும் வேண்டுமென்றால் கேள்வியே அப்படிக் கேட்டிருக்கும்.